சர்க்கரைக் கரைசல் பெனடிக்ட் சோதனையில் பச்சையாவது ஏன்?

வேதியியல் ஆசிரியர்களே, ஓர் உதவி வேண்டும். பெனடிக்ட் கரைசலுடன் கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்தால் குளுக்கோஸ் செங்கல் நிறம் தருகிறது, அது சரி. நீரில் அதன் ஆல்பா, பீட்டா வளையங்கள் திறந்து மூடுவதால், மிகச் சிறிதளவே இருக்கும் திறந்த சங்கிலி தீரத் தீர மீண்டும் உருவாகிறது.

சுக்ரோஸில் குளுக்கோஸின் முதல் கார்பனும் ஃபிரக்டோஸின் இரண்டாம் கார்பனும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் வளையம் திறக்க வழியில்லை, நீலம் மாறக்கூடாது. ஆனால் எங்கள் ஆய்வகத்தில் பச்சை தெரிகிறது! வெறும் நீருடன் நீலமே நிற்பதால் பெனடிக்ட் கரைசல்மீது சந்தேகமில்லை. நாள்பட்ட சுக்ரோஸ் கரைசல் சிதைந்திருக்குமா, குழாயில் அமிலம் ஒட்டியிருக்குமா? இரண்டையும் பிரித்தறிய எந்தச் சோதனையை முதலில் செய்வீர்கள்? மாணவர்களுக்குச் சரியான காரணத்தைக் காட்டியாக வேண்டும்.