டொராண்டோ வந்து நாலு மாதம்: காட்டுவதற்கு மூன்று புராஜெக்ட் வேண்டும், எதை எடுப்பது?

வடசேரிப் பெண், டொராண்டோ
கணவரின் வேலையோடு இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. நாகர்கோவிலில் ஐந்து வருடம் ஒரு கம்பெனிக்கு எம்.ஐ.எஸ். ரிப்போர்ட் போட்டுக்கொண்டிருந்தேன். எக்செல் நன்றாக வரும், எஸ்.க்யூ.எல். ஓரளவு வரும். டேட்டா அனலிஸ்ட் வேலைக்குப் போனால், செய்ததைக் காட்டுங்கள் என்கிறார்கள். பழைய ஆபீஸ் கோப்பைக் காட்ட முடியாது. போர்ட்ஃபோலியோவில் மூன்று சின்னது இருந்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். டைட்டானிக் பயணிகள் பட்டியலை வைத்து ஒன்று முடித்துவிட்டேன். மற்ற இரண்டுக்கு என்ன எடுக்கலாம்?

தக்கலைக்காரன், துபாய்
டைட்டானிக்கை எல்லோரும் மூழ்கடித்தாச்சு, அதைத் தூக்கிப் போடுங்க. மூன்று எந்த மூலைக்கு? பத்தாவது வேண்டும். அதோடு, ஆள் எடுக்கிறவர்கள் லிங்க்கைத் திறப்பதே இல்லை. சர்டிபிகேட்தான் பார்ப்பார்கள்.

மார்த்தாண்டம் மாமா
மக்களே, மூன்றே மூன்றில் எல்லாப் பணத்தையும் போட்டால் ஒன்று சரிந்தாலும் அடி பலமாக இருக்கும். பாதியை எஃப்.டி.யில் போடுங்க.

வடசேரிப் பெண்
மாமா, இது பங்கு போர்ட்ஃபோலியோ இல்லை, வேலைக்குக் காட்டுவது. கையில் போடுவதற்குப் பணமும் இல்லை :)

கருங்கல் அண்ணன், மிசிசாகா
என் டீமுக்கு அனலிஸ்ட் எடுப்பதில் நானும் உட்காருகிறேன், அதனால் சொல்கிறேன். தக்கலைக்காரர் சொன்னதில் பாதி சரி. முதலில் சலிக்கும் எச்.ஆர். ஆட்கள் லிங்க்கைத் திறப்பது அபூர்வம். கடைசி ஐந்தாறு பேர் என் மேசைக்கு வரும்போது நான் திறப்பேன், மூன்று நிமிடம் பார்ப்பேன். பத்து இருந்தாலும் ஒன்றைத்தான் பார்க்க நேரம்.

மூன்றும் மூன்று வேறு திறமையைக் காட்ட வேண்டும். ஒன்று, அழுக்கான டேட்டாவைச் சுத்தம் செய்தது. இன்னொன்று, ஒரு கேள்விக்கு எஸ்.க்யூ.எல்.லில் பதில் கண்டது. மூன்றாவது, நீங்கள் தூங்கும்போதும் தானாக ஓடுவது. டைட்டானிக் இதில் எதிலும் சேராது. அந்தப் பட்டியலில் எந்தக் கட்டம் காலி என்று எனக்கே மனப்பாடம். நீங்கள் யோசித்தீர்களா, எங்கிருந்தாவது எடுத்தீர்களா என்று தெரியாது. வேறு யாரிடமும் இல்லாத டேட்டா ஊரில் இருக்கிறதா?

வடசேரிப் பெண்
குலசேகரத்தில் தாய்மாமாவுக்கு 400 ரப்பர் மரம் இருக்கிறது. எந்த நாள் வெட்டு, எத்தனை கிலோ ஷீட், ஒட்டுப்பால் எவ்வளவு என்று நோட்டில் எழுதி வைப்பார். போட்டோ அனுப்பச் சொல்லட்டுமா?

கருங்கல் அண்ணன்
அதுதான் தங்கம். வெட்டுகிறவர் பெயரும் கூலியும் அதில் இருந்தால் டைப் செய்யும்போதே விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். மழையால் வெட்டு நடக்காத நாளில் பூஜ்யம் போடுவதா, காலியாக விடுவதா? நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, இப்படி நாள் நிறைய வரும். ஜூனில் 15 வெட்டு நாள் இருந்து, 6 நாள் மழையில் போய், மீதி 9 நாளில் 99 கிலோ கிடைத்தது என்று வையுங்கள். காலியாக விட்டால் AVG அந்த 6 நாளைக் கணக்கில் எடுக்காது, சராசரி 11 கிலோ. பூஜ்யம் போட்டால் 6.6. மரத்துக்கு என்ன தெம்பு என்று கேட்டால் 11 சரி. மாமாவுக்கு மாதம் எவ்வளவு சரக்கு வரும் என்று கேட்டால் மழை நாளையும் சேர்க்கத்தான் வேண்டும். எதை எடுத்தீர்கள், ஏன் என்று README.md-யில் நாலு வரி எழுதுங்கள். நான் முதலில் தேடுவது அந்த நாலு வரியைத்தான், சார்ட்டை அல்ல.

தக்கலைக்காரன்
ரப்பர் என்றால் கனடாக்காரனுக்கு டயர்தான் ஞாபகம் வரும். டொராண்டோ டேட்டா எடுங்க, அதுதான் அவனுக்குப் புரியும்.

கருங்கல் அண்ணன்
எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியாத விஷயத்தை நாலு வரியில் புரியவைப்பதும் இந்த வேலையில் பாதி. ஆனால் என்னோடு உட்காரும் ஒரு அம்மா உங்கள் கட்சிதான்.

வடசேரிப் பெண்
மூன்று வாரம் கழித்து வருகிறேன். சுத்தம் செய்வது முடிந்தது. இரண்டாவதுக்கு, ரப்பர் போர்டு தினமும் வெளியிடும் கோட்டயம் விலையை எடுத்து, மாதம் எவ்வளவு வருமானம் என்று போட்டேன். மாமாவிடம் போனில் சொன்னால் சிரிக்கிறார். 'இவ்வளவு வந்திருந்தா நான் ஏன் பழைய பைக்கில போறேன்' என்கிறார். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருகிறது. எங்கே தப்பு?

கருங்கல் அண்ணன்
விலைப் பட்டியலில் ஒரே நாளுக்கு ஆர்.எஸ்.எஸ்.4, ஆர்.எஸ்.எஸ்.5 என்று இரண்டு ஷீட் கிரேடுக்கும் இரண்டு வரி இருக்கிறதா? அப்படியானால் ஜாயின் செய்ததும் ஒவ்வொரு வெட்டு நாளும் இரண்டாகிவிடும். இதை ஓட்டிப் பாருங்கள்:

```sql
SELECT COUNT(*), SUM(kg) FROM vettu;

SELECT COUNT(*), SUM(v.kg)
FROM vettu v
JOIN vilai p ON p.naal = v.naal;
```

இரண்டிலும் வரி எண்ணிக்கையும் கிலோவும் ஒன்றாக இருக்க வேண்டும். கூடினால் எங்கோ இரட்டிப்பு. குறைந்தால் லீவு நாள் மாதிரி விலையே இல்லாத நாட்கள் விழுந்துவிட்டன.

வடசேரிப் பெண்
இரட்டிப்பேதான் அண்ணா! ஆர்.எஸ்.எஸ்.4 மட்டும் வைத்ததும் இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் விழுந்ததும் அப்போதுதான் தெரிந்தது. ஆனால் மாமா இன்னொன்று சொன்னார். வெட்டிய அன்று யாரும் விற்பதில்லை, ஷீட்டைப் புகை போட்டுக் காயவைத்து, விலை ஏறும்போது மொத்தமாகப் போடுவோம் என்கிறார். அப்படியானால் என் கணக்கே தப்புதானே?

கருங்கல் அண்ணன்
தப்புதான். விற்ற தேதி, எடை, கிரேடு மூன்றையும் தனி டேபிளாக வைத்து, விலையை விற்ற தேதியோடு சேருங்கள். கடை கொடுத்த விலையும் நோட்டில் இருந்தால் கோட்டயம் விலையோடு ஒப்பிடலாம். முதல் கணக்கை அழிக்க வேண்டாம். மாமா சிரித்ததையும் அதனால் மாற்றியதையும் எழுதுங்கள். நேர்முகத்தில் நான் அரை மணி நேரம் பேசுவது அதைப் பற்றித்தான் இருக்கும்.

கொளச்சல் ஜோ, மெல்போர்ன்
மூன்றாவதுக்கு நான் மாட்டிய கதையைச் சொல்கிறேன். தினமும் காலை வானிலை எடுத்து எழுதும் ஸ்கிரிப்ட் ஒன்றை கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் போட்டேன். அங்கே நேரம் யூ.டி.சி., நம் ஊர்க் காலை ஆறுக்கு இப்படிப் போட வேண்டும்:

```yaml
on:
  schedule:
    - cron: '30 0 * * *'
```

சொன்ன நிமிடத்தில் ஓடும் என்று நம்ப வேண்டாம், பிந்தும். பெரிய அடி வேறு. பொது ரெப்போவில் 60 நாள் எந்த அசைவும் இல்லாவிட்டால் ஷெட்யூலை அவர்களே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மெயில் வந்ததைக் கவனிக்கவில்லை. நேர்முகத்தில் லிங்க்கைத் திறந்தவர், 'இது மார்ச்சில் நின்றுவிட்டதே' என்றார். இப்போது கடைசியாக ஓடிய தேதியைப் பக்கத்தின் தலையிலேயே காட்டுகிறேன், வாரம் ஒரு தடவை நானே பார்ப்பேன்.

வடசேரிப் பெண்
அப்படியானால் குலசேகரம் மழையளவைத் தினமும் எடுத்து, வெட்டு நடக்குமா என்று காட்டுவதாக வைக்கலாமா? மழையையும் நோட்டையும் சேர்த்தால் மூன்றும் ஒரே கதையாகிவிடுமே.

கருங்கல் அண்ணன்
வைக்கலாம். எந்த மழைக்கு மாமா வெட்டாமல் விடுகிறார் என்பதை நோட்டிலிருந்தே எடுங்கள், நீங்களாக ஒரு மில்லிமீட்டர் வைக்காதீர்கள். ராத்திரி மழையா பகல் மழையா என்பதும் முக்கியம், வெட்டு விடியற்காலையில்தானே. அப்புறம், கணவர் லேப்டாப்பில் எல்லாவற்றையும் புதிதாக இறக்கி ஓட்டிப் பாருங்கள். C:\Users என்று உங்கள் பாதை கோடுக்குள் இருந்தால் அங்கேயே நிற்கும்.

இரணியல் டிராப்ட்ஸ்மேன், தோஹா
எனக்கும் இதே கேள்விதான். நான் பைப்பிங் டிராயிங் போடுகிறவன். கம்பெனி டிராயிங்கில் தலைப்புக் கட்டத்தை அழித்துவிட்டுக் காட்டலாமா?

கருங்கல் அண்ணன்
கூடாது. கட்டத்தை அழித்தாலும் டிராயிங் அவர்களுடையதுதான். அதைக் காட்டுகிறவர் நாளை எங்களுடையதையும் காட்டுவார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார். வீட்டுத் தண்ணீர் டேங்க் லைனையாவது அளந்து புதிதாகப் போடுங்கள்.

இரணியல் டிராப்ட்ஸ்மேன்
டேங்க் லைனைக் காட்டினால் ரிஃபைனரி வேலை கொடுப்பானா அண்ணே?

கருங்கல் அண்ணன்
அது உங்கள் துறைக்காரர் யாராவது சொல்லட்டும். ஜோ, அங்கே தெரிந்தவர் உண்டா?