மேக்ரமே விற்பனை: கணக்கில் 295 லாபம், கையில் வருவது ஏன் குறைகிறது?

முடிச்சுக்காரி: அவசர உதவி வேணும். மேக்ரமே சுவர்த்தொங்கல் ஆன்லைனில் 800க்கு விற்கிறேன். நூலும் குச்சியும் 260, கமிஷன் 15 சதவீதம் 120, ஷிப்பிங் 90, பேக்கிங் 35. ஒன்றுக்கு 295 நிற்கணும். மாதக் கடைசியில் பார்த்தால் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் தேறுகிறது. எங்கே ஓட்டை?

வரவுசெலவு: ரிட்டர்ன் எத்தனை? பெட்டி அளவு என்ன? 90 என்பது செட்டில்மென்ட் ரிப்போர்ட்டில் பார்த்ததா, நீங்களே போட்டுக்கொண்டதா? இது மூன்றும் இல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

நூல்கண்டு: ஷிப்பிங்கைத் தனியாக வாடிக்கையாளர் தலையில் போடுங்கள். அப்புறம் அது உங்கள் கணக்கிலேயே வராது.

வரவுசெலவு: பாதிதான் சரி. பல தளங்களில் வாடிக்கையாளர் கட்டும் மொத்தத் தொகைக்கும் கமிஷன் உண்டு, ஷிப்பிங்கும் அதில் சேரும். ரிட்டர்ன் வந்தால் போகவரக் கூலி இரண்டும் பெரும்பாலும் விற்பவர் மேல்தான் விழும்.

களிமண்கலை: எனக்கு டெரகோட்டாவில் கம்மல் ஒன்று உடைந்தால் செட்டே போச்சு. குமிழித்தாள் இரண்டு சுற்று சுற்றுங்கள், எல்லாம் சரியாகும்.

வரவுசெலவு: அவர் விற்பது நூல் பொருள். உடைவதல்ல பிரச்சினை.

முடிச்சுக்காரி: 100 அனுப்பினால் 12 திரும்புது. அதில் 4 மறுபடி விற்க முடியாது, குஞ்சம் சிக்கிக் கசங்கிவிடும். பெட்டி 30×25×15 செ.மீ., எடை 600 கிராம். 90 நானாகப் போட்டது, 1 கிலோ வரைக்குமான ரேட். ரிப்போர்ட்டில் 140 இருக்கு, திரும்பி வரவும் அதே 140. ரிட்டர்ன் ஆனால் கமிஷன் திரும்பக் கிடைக்குது. பேமென்ட் கட்டணம் 2 சதவீதம், அது மட்டும் திரும்பாது.

வரவுசெலவு: முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டியது இது. இங்கே பலரும் ஒரு பொருளை வைத்தே லாபம் பார்க்கிறார்கள். ரிட்டர்ன் உள்ள வியாபாரத்தில் அனுப்பிய 100ஐ மொத்தமாக எடுத்துத்தான் பார்க்கணும்.

வரவு, வாடிக்கையாளர் வைத்துக்கொண்ட 88க்கு மட்டும்: 70,400. கமிஷனும் அந்த 88க்குத்தான், 10,560. பேமென்ட் கட்டணம் 100க்கும் 1,600. போன கூலி 14,000, திரும்பிய 12க்கு 1,680. பேக்கிங் 3,500. மூலப்பொருள் 92க்கு, அதாவது விற்ற 88ம் பாழான 4ம், 23,920. நல்லபடியாகத் திரும்பிய 8 சரக்கில் சேரும், செலவில் சேராது. மொத்தச் செலவு 55,260. மிச்சம் 15,140. விற்ற ஒன்றுக்கு 172.

பெரிய ஓட்டை பெட்டி. கூரியர் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000ஆல் வகுத்து, அதையும் தராசு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் வாங்குவார். உங்களுக்கு 2.25 கிலோ வருது. அரைக் கிலோ படியில் 2.5க்கு ஏறிவிடும். 600 கிராம் பொருளுக்கு 2.5 கிலோ கூலி கட்டுகிறீர்கள்.

தறிமுனை: மேக்ரமேவைத் தட்டையாக மடிக்க வேண்டாம். குஞ்சத்தைச் சீவி நேராக்கி, பட்டர் பேப்பர் பட்டையால் இறுக்காமல் சுற்றி, மேலிருந்து குச்சியோடு சுருட்டுங்கள். குச்சி 28 செ.மீ.க்குள் என்றால் 30×16×10 பெட்டி போதும், 0.96 கிலோ கணக்கு, 1 கிலோ படிக்குள் நிற்கும். ஆனால் அட்டை பிதுங்கக் கூடாது. உயரம் 11 ஆனாலே 1.06 கிலோ, அடுத்த படி. பேப்பர் சுற்றினால் சிக்கலும் குறையும். கசங்கி வந்ததை நீராவி காட்டிச் சீவிப் பாருங்கள், தேறும்.

வரவுசெலவு: அப்படி 90க்கு இறங்கினால், போகவர 112 பயணத்துக்கு 5,600 மிச்சம். ஒன்றுக்கு 236 நிற்கும். 295 ரிட்டர்னே இல்லாவிட்டாலும் வராது, பேமென்ட் கட்டணம் 16 போய்விடும்.

கூலிக்கணக்கு: எல்லாம் சரி, முடிச்சுப் போட ஆகும் நேரம் எங்கே? ஒன்றுக்கு 2.5 மணி நேரம் ஆனால் அந்த 172, மணிக்கு 69 கூலி. லாபம் என்று சொல்லவே கூடாது.

நூல்கண்டு: சொந்தக் கை வேலைக்கு யாருக்கும் பணம் கொடுக்கவில்லையே. வெளியே போகாத காசு எப்படிச் செலவாகும்?

கூலிக்கணக்கு: ஆர்டர் கூடி ஓர் ஆளை வேலைக்கு வைத்தால் அன்றைக்கே வெளியே போகுமே. விலை நிர்ணயிக்கும்போதே அதைச் சேர்க்கணும்.

நூல்கண்டு: அப்படிச் சேர்த்தால் 1,000க்கு மேல் போகும், யார் வாங்குவார்?

வரவுசெலவு: கேட்ட கேள்வி வேறு. கூலியை லாபத்தின் அடியில் தனி வரியாகக் காட்டினால் இரண்டு பேர் சொல்வதும் கண்ணுக்குத் தெரியும்.

கூலிக்கணக்கு: அடியில் இல்லை, மேலே வரணும்.

முடிச்சுக்காரி: குச்சி 32 செ.மீ. இருக்கு. 28க்கு வெட்டி ஒரு பார்சல் போட்டுப் பார்த்துட்டு ரிப்போர்ட் சொல்றேன். நன்றி.

தறிமுனை: வெட்டினால் லிஸ்டிங்கில் அகலத்தையும் மாற்றிவிடுங்கள். படத்தில் இருப்பதைவிடச் சிறிதாக வந்தால் ரிட்டர்ன் 12ஐத் தாண்டும்.