விடியற்காலை 4:30 செய்தி: போன் பூட்டை எடுக்கலாமா?

டர்பன் காவடி அக்கா: தைப்பூசத்தன்று தொண்டர்கள் வாட்ஸ்அப் குழுவுக்குக் காலை 4:30க்கு "பேருந்து 5:15க்குக் கிளம்பும்" என்று செய்தி போக வேண்டும். அந்த நேரம் நான் கோயில் அடுப்படியில் இருப்பேன், போனைத் தொட முடியாது. என் வாட்ஸ்அப்பில் நேரம் குறித்து அனுப்பும் வசதி இல்லை. என்ன செய்யலாம்?

சாட்ஸ்வொர்த் தம்பி: ரொம்பச் சுலபம் அக்கா. ஆண்ட்ராய்டில் அதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. ஒன்றைப் போட்டு, அணுகல்தன்மை அனுமதி கொடுங்கள். அன்று இரவு மட்டும் போன் பூட்டை எடுத்துவிடுங்கள். தானாகவே அனுப்பிவிடும்.

பீனிக்ஸ் மாமா: பூட்டை எடுக்கச் சொல்லாதே தம்பி, கோபம் வருகிறது. அந்தச் செயலி செய்தியை அனுப்புவதில்லை. நேரம் வந்ததும் வாட்ஸ்அப்பைத் திறந்து, உன் விரலுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்துகிறது. பூட்டுக்குப் பின்னால் அதற்குக் கை எட்டாது, அதனால்தான் பூட்டை எடுக்கச் சொல்கிறார்கள். திரையில் இருப்பதைப் படிக்கவும் அதே அனுமதி வழிவிடுகிறது. வங்கிச் செயலி இருக்கும் போனைப் பூட்டில்லாமல் கோயில் அடுப்படியில் வைக்கச் சொல்கிறாயா?

சாட்ஸ்வொர்த் தம்பி: மாமா, நான் தினமும் இப்படித்தான் அனுப்புகிறேன். ஒரு நாளும் தவறியதில்லை.

பீனிக்ஸ் மாமா: உன் போன் இரவெல்லாம் சார்ஜரில் கிடக்கும். அக்கா போன் சார்ஜரில் இல்லாமல் கிடந்தால், பேட்டரி சிக்கனம் அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடும். காலையில் பார்த்தால் எழுத்து பெட்டியில் இருக்கும், அனுப்பியிருக்காது. செயலியின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாட்டை நீக்கினால் ஓரளவு சரியாகும். பூட்டு விஷயம் அப்படியேதான் இருக்கும்.

போர்ட் லூயி அண்ணன்: எதற்கு இவ்வளவு சண்டை? டெலிகிராமில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் Schedule Message என்று வரும். புத்தாண்டு வாழ்த்தை யாங்கோனில் இருக்கும் என் தங்கைக்கு அப்படித்தான் அனுப்புகிறேன். அவளுக்கு நள்ளிரவு என்றால் எனக்கு இரவு 9:30, அந்த நேரத்தைப் போட்டுவிடுவேன். போன் அணைந்திருந்தாலும் போய்விடும்.

பீனிக்ஸ் மாமா: டெலிகிராம் பற்றிச் சொன்னது சரி. குறித்த செய்தி அவர்கள் சர்வரில் காத்திருக்கும், போன் தேவையில்லை. ஆனால் அக்கா கேட்டது வாட்ஸ்அப் குழுவைப் பற்றி. தொண்டர்கள் எல்லாரையும் ஒரே இரவில் டெலிகிராமுக்கு மாற்ற முடியுமா?

போர்ட் லூயி அண்ணன்: மாற்றச் சொன்னேனா? வழியைச் சொன்னேன். நீங்கள் யார் எதைச் சொன்னாலும் முதலில் குறைதான் கண்டுபிடிக்கிறீர்கள். போன வருடப் பந்தல் விவாதத்திலும் இதே கதை.

பீனிக்ஸ் மாமா: பந்தலை இங்கே இழுக்காதீர்கள். பூட்டுக்கு வருவோம். அக்கா, நீங்கள் போனைத் தொட முடியாது என்றால் வேறு ஒருவர் தொட வேண்டும். எழுதித் தயாராக வைக்க ஒரு வழி இருக்கிறது. நாட்காட்டிச் செயலியில் 4:30க்கு ஒரு நிகழ்ச்சி போட்டு, குறிப்புப் பகுதியில் இதை ஒட்டுங்கள்:

```
https://wa.me/?text=Bus%205:15
```

`%20` என்பது இடைவெளிக்கு. அழுத்தினால் வாட்ஸ்அப் திறந்து யாருக்கு என்று கேட்கும், குழுவைத் தேர்ந்து அனுப்ப வேண்டும். `wa.me/` என்பதற்குப் பின் எண் போட்டால் அந்த ஒருவருக்குத்தான் போகும், குழுவுக்குப் போகாது. எண்ணில் முதல் 0 இல்லாமல் நம் நாட்டுக் குறியீடான 27இல் தொடங்க வேண்டும், + வேண்டாம். இந்த நிகழ்ச்சியை விழித்திருக்கும் ஒரு தொண்டருக்குப் பகிருங்கள். அவர் குழுவில் இருந்தால் போதும்.

சாட்ஸ்வொர்த் தம்பி: கடைசியில் ஒருவர் அழுத்தத்தானே வேண்டியிருக்கிறது! என் வழியில் யாரும் விழிக்க வேண்டாம். பூட்டை ஓர் இரவு எடுத்தால் வானம் இடிந்து விழாது.

போர்ட் லூயி அண்ணன்: அங்கே 4:30 என்றால் எங்களுக்கு 6:30. நான் எழுந்து தேநீர் குடிக்கும் நேரம். என்னைக் குழுவில் சேர்த்தால் நானே அனுப்புகிறேன்.

பீனிக்ஸ் மாமா: இது நல்ல யோசனை. ஆனால் முன்னிரவே செய்தியை அவருக்கு அனுப்பி, பேருந்து நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தம்பி, ஓர் இரவானாலும் பூட்டு பூட்டுதான்.

டர்பன் காவடி அக்கா: அண்ணனைச் சேர்க்கலாம், ஆனால் குழுவில் வெளியூர்க்காரர் வேண்டாம் என்று நிர்வாகத்தில் சிலர் சொல்வார்கள். லோட் ஷெட்டிங் வந்து டவரும் படுத்தால் யார் அனுப்பி என்ன?

சாட்ஸ்வொர்த் தம்பி: அதுக்குத்தான் முன்னிரவே அனுப்பிவிடுங்கள் என்று நிர்வாகம் சொல்லியிருக்க வேண்டும். யாராவது அவர்களைக் கேட்டீர்களா?

பீனிக்ஸ் மாமா: நிர்வாகத்தைக் குறை சொல்லிப் பேச்சை மாற்றாதே. பூட்டை எடுக்கச் சொன்னது நீதானே? அதற்குப் பதில் சொல்.

சாட்ஸ்வொர்த் தம்பி: சொல்லிவிட்டேன் மாமா. எடுக்கலாம்.