தெர்மல் மக்கில் ஃபில்டர் காபி புளிப்பு வாடை அடிக்கிறது: மக்கில் கோளாறா, காபியிலா?

பறக்கும்ரயில்:
காலை ஆறரைக்கு வேளச்சேரி வீட்டில் காபி கலந்து, எவர்சில்வர் தெர்மல் மக்கில் ஊற்றிக்கொண்டு கிளம்புகிறேன். ஒன்பதரைக்கு அலுவலகத்தில் திறந்தால் சூடு அப்படியே இருக்கிறது, ஆனால் வாய் வைத்ததும் ஒரு புளிப்பு வாடை. அங்கிருக்கும் பீங்கான் மக்கில் ஊற்றினால் வாடை கொஞ்சம் குறைகிறது, ஆனால் ஏசி அறையில் உடனே ஆறிப்போகிறது. வீட்டு எவர்சில்வர் டம்ளரில் இந்த வாடையே இல்லை. மக் மட்டமான ஸ்டீலா?

ஓஎம்ஆர்வாசி:
ஸ்டீல்தான் காரணம். சூடான காபி பட்டால் உலோகம் கரையும். உள்ளே செராமிக் பூச்சு உள்ளதாக வாங்குங்கள். பீங்கானில்தான் சூடும் நிற்கும், ருசியும் மாறாது.

மாம்பலம்மாமி:
எங்கள் வீட்டு மக்கில் வாடை இல்லை, ஆனால் வெந்நீர் ஊற்றினால் வெளிப்பக்கமே சுடுகிறது. ஒரு மணி நேரம்கூடச் சூடு நிற்பதில்லை. இதற்கு என்ன செய்வது?

பாரிமுனைபாத்திரக்கடை:
பூச்சு இருந்தால் கழுவச் சுலபம், வாடையும் அவ்வளவாகப் பிடிக்காது. அதுவரை ஓஎம்ஆர்வாசி சொல்வது சரி. ஆனால் நல்ல எவர்சில்வர் மூன்று மணி நேரத்தில் காபியைப் புளிக்க வைக்காது. அப்படியென்றால் வீட்டு டம்ளரிலும் ருசி கெட்டிருக்க வேண்டுமே.

பறக்கும்ரயில் சார், முதலில் ஒன்று செய்து பாருங்கள். மக்கைக் கழுவி, வெறும் வெந்நீர் ஊற்றி மூடி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து, தண்ணீரையும் மூடியையும் தனித்தனியாக முகர்ந்து பாருங்கள். வாடை மூடியில் இருந்தால் அந்த சிலிக்கான் வாஷர்தான் குற்றவாளி. கடைக்குத் திரும்பி வரும் மக்குகளில் பெரும்பாலும் அதுதான். வாஷருக்கு அடியில் பால் கொழுப்பு தேங்கிக் கெட்டுப்போகும்; மேலே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மெல்லிய கரண்டிக் காம்பால் வாஷரை நெம்பி எடுங்கள். ஆப்ப சோடா கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். சோடாத் தண்ணீரை மக்கில் ஊற்றினால் மூடாதீர்கள். பிளீச்சிங் வேண்டவே வேண்டாம், ஸ்டீலில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

வெந்நீரில் வாடை இல்லையென்றால் கோளாறு காபியில். பால் கலந்த காபியை மூடிச் சூட்டிலேயே வைத்தால் பால் காய்ந்த வாடை ஏறும், டிகாக்‌ஷனின் புளிப்பும் கசப்பும் தூக்கலாகும். ஆவி வெளியே போகாததால் திறந்ததும் எல்லாம் சேர்ந்து மூக்கில் அடிக்கும்.

பீங்கான் விஷயம் வேறு. அந்த மக் 300 கிராம் இருக்கும். 24 டிகிரி அறையில் கிடக்கும் அதில் 85 டிகிரி காபி 150 மில்லி ஊற்றினால், மக் சூடாவதிலேயே காபி சுமார் 67 டிகிரிக்கு இறங்கிவிடும். 60 கிராம் டம்ளர் என்றால் 82 வரைதான் இறங்கும். ஆனால் அதில் சூடு உடனே வெளிப்பக்கத்துக்கு வந்து கையைச் சுடும், காற்றிலும் போய்விடும். அதனால்தான் டபரா. பீங்கானில் முதலில் வெந்நீர் ஊற்றி, கொட்டிவிட்டுக் காபியை ஊற்றுங்கள். மேலே ஒரு தட்டு மூடினால் இன்னும் நல்லது. திறந்த கப்பில் சூடு அதிகம் போவது ஆவியோடுதான்.

மாமி, உங்கள் மக்கில் இரண்டு சுவருக்கு நடுவே இருந்த வெற்றிடம் போய்விட்டது. கீழே விழுந்ததா? ரிப்பேர் செய்ய முடியாது. குளிர்ந்த தண்ணீருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாம்பலம்மாமி:
விழவே இல்லையே! பேரன் ஏதாவது செய்திருப்பானோ.

டீக்கடைபெஞ்ச்:
கண்ணாடி கிளாஸை ஏன் யாருமே பேசவில்லை? டீ அதில்தான் டீ. விளிம்பு உதட்டைச் சுடுவதில்லை, வாடையும் ஒட்டுவதில்லை.

பாரிமுனைபாத்திரக்கடை:
உண்மைதான், ஆனால் ரயிலில் எடுத்துப் போக முடியாது.

பறக்கும்ரயில்:
தண்ணீரில் வாடை லேசாகத்தான், மூடியில் நன்றாகவே இருந்தது. வாஷரைக் கழற்றினால் அடியில் பழுப்பாக வழவழவென்று ஒரு படலம்! கழுவியபின் புளிப்பு வாடை போயிற்று. ஆனால் ஒன்பதரை மணிக் காபி இன்னும் வீட்டுக் காபி மாதிரி இல்லை, ஏதோ வேகவைத்த பால் ருசி. டிகாக்‌ஷனை மட்டும் மக்கில் கொண்டுபோய், பாலை அலுவலகத்தில் சுடவைத்துக் கலந்தால் சரியாகுமா?

பாரிமுனைபாத்திரக்கடை:
பால் ருசி சரியாகும். டிகாக்‌ஷனைச் சூடாகக் கொண்டுபோனால் அது கசக்கும். ஆறவைத்து, சின்ன கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். பாலைக் கொதிக்கவிட்டுக் கலந்தால் சூடு போதும்.

ஓஎம்ஆர்வாசி:
அப்போ தெர்மல் மக் எதற்கு?

பறக்கும்ரயில்:
அதில் பாலைச் சூடாகக் கொண்டுபோகலாம் என்று பார்க்கிறேன், அலுவலகத்தில் மைக்ரோவேவ் பழுது.

பாரிமுனைபாத்திரக்கடை:
கொதிக்கும் பாலாக ஊற்றுங்கள், மக்கை முதலில் வெந்நீரால் சூடாக்குங்கள். திறக்கும்போது 60 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால் மிச்சப் பாலை மதியத்துக்கு வைக்காதீர்கள். வேகவைத்த ருசி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.