"சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதித்தான் விலக வேண்டுமா?

நூலக அலமாரி:
பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் குழுவில் 2 ஆண்டுகளாகப் பொருளாளராக இருக்கிறேன். நூலகத்துக்கென்று பெற்றோரிடம் திரட்டிய பணத்தில் மேடைக்கு ஒலிபெருக்கி வாங்குவது என்று சென்ற கூட்டத்தில் முடிவாயிற்று. 9 பேரில் நானும் இன்னொருவரும் எதிர்த்தோம், தோற்றோம். யாரையும் குறை சொல்ல விருப்பமில்லை. ஆனால் அந்தக் காசோலையில் என் கையெழுத்து விழ வேண்டாம். மகள் இன்னும் 3 ஆண்டுகள் அங்கேதான் படிப்பாள். வேறொரு விவாதத்தில் அமைதிப்புறா, "சொந்தக் காரணங்களுக்காக என்று ஒரு வரி போதும், அதைவிட நாகரிகம் கிடையாது" என்று அடித்துச் சொல்லியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. எனக்கு அப்படி என்ன சொந்தக் காரணம்? கடிதத்தில் என்னதான் எழுதுவது?

அமைதிப்புறா:
என் பெயரைச் சொல்லி அழைத்ததற்கு நன்றி. மறுபடியும் சொல்கிறேன்: சொந்தக் காரணங்களுக்காக. உலகம் முழுவதும் அப்படித்தான் எழுதுகிறார்கள். மூன்று குழுக்களிலிருந்து விலகியிருக்கிறேன், இன்றும் எல்லாரும் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள்.

நேர்வழி:
மூன்று குழுக்களில் தங்க முடியாமல் போன சொந்தக் காரணம் என்னவாக இருக்கும் என்று யோசிக்கிறேன். அது பொய், ஐயா. ஒலிபெருக்கிக்காக விலகுகிறவர் ஒலிபெருக்கி என்று எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லித் தரும் இடத்துக்குப் பொய்க் கடிதம் கொடுப்பதா?

பழைய செயலாளர்:
இரண்டு பேரும் கடிதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். 6 ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் சொல்கிறேன்: முதலில் பார்க்க வேண்டியது தீர்மானப் பதிவேடு. அம்மா, சென்ற கூட்டத்தின் குறிப்பில் உங்கள் எதிர்ப்பு பதிவாகியிருக்கிறதா? பல இடங்களில் எழுதுகிறவர் வழக்கம்போல "ஒருமனதாக நிறைவேறியது" என்று எழுதி முடித்துவிடுவார். கெட்ட எண்ணம் இருக்காது, கை பழகிய வாசகம், அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பை வாசித்து ஒப்புக்கொள்ளும்போதுதான் திருத்தச் சொல்ல முடியும். அதற்குமுன் விலகிவிட்டால், நீங்களும் சேர்ந்து நிறைவேற்றிய தீர்மானமாக அது என்றைக்கும் நிற்கும். "இருவர் மாற்றுக் கருத்துத் தெரிவித்தனர்" என்ற நான்கு சொற்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். பெயர்கூட வேண்டாம். உங்கள் கருத்து வேறுபாடு இருக்க வேண்டிய இடம் அது. அங்கே இருந்துவிட்டால் கடிதத்தில் அதைத் திரும்பச் சொல்லும் தேவையே எழாது.

நேர்வழி:
அப்படியானால் கடிதத்தில் சொந்தக் காரணம் என்ற பொய் இருக்கலாம் என்கிறீர்கள்?

பழைய செயலாளர்:
எங்கே சொன்னேன்? காரணமே எழுத வேண்டாம் என்கிறேன். சம்பளம் வாங்காமல் ஏற்ற பொறுப்பு. விதிகள் கேட்டாலொழிய காரணம் சொல்லும் கடமை இல்லை. சொல்லாமல் இருப்பது பொய்யாகாது.

மூன்றாம் பெஞ்சு:
நானும் பள்ளியிலிருந்து விலகியவள்தான். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுக்காவிட்டால் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவிடுவார்கள். அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகே கடிதத்தை நீட்டுங்கள்.

நூலக அலமாரி:
அம்மா, நான் ஆசிரியை இல்லை. எனக்குச் சம்பளமும் இல்லை.

மூன்றாம் பெஞ்சு:
சம்பளமே தராத பள்ளியா? அப்படியானால் இன்றே விலகுங்கள்.

விதிப்புத்தகம்:
எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். விலகல் கடிதத்தைக் குழு ஏற்றால்தான் செல்லும். ஏற்காதவரை அவர்தான் பொருளாளர்.

பழைய செயலாளர்:
பாதி சரி. குழுவின் விதிகளில் "ஏற்கப்பட்ட நாளிலிருந்து" என்று இருந்தால் நீங்கள் சொல்வதுதான். அப்படி இல்லாத இடத்தில், கடிதத்தில் குறிப்பிட்ட தேதியில் பொறுப்பு முடிகிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆகையால் தேதி போடாமல் "விலகுகிறேன்" என்று மட்டும் எழுதக் கூடாது. பொருளாளருக்கு இதைவிடப் பெரிய சிக்கல் வங்கி. குழுவிலிருந்து நீங்கள் விலகினாலும் வங்கிக்கு அது தெரியாது. கையொப்பமிடுபவரை மாற்றும் தீர்மானத்தின் நகல் போய்ச் சேரும்வரை உங்கள் கையெழுத்துக்கு அங்கே உயிர் இருக்கிறது. அவசரத்துக்கென்று வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறீர்களா?

நூலக அலமாரி:
3 தாள்கள் இருக்கின்றன. தலைவர் ஊரில் இல்லாதபோது உதவும் என்று செயலாளரிடம் கொடுத்தேன்.

பழைய செயலாளர்:
தலையில் அடித்துக்கொள்ளலாமா என்றிருக்கிறது. எந்தக் காசோலையில் உங்கள் கையெழுத்து விழக் கூடாது என்று விலகுகிறீர்களோ, அந்தக் கையெழுத்து முன்கூட்டியே போய்விட்டது! முதலில் அந்த 3 தாள்களையும் திரும்ப வாங்குங்கள். குறுக்கே கோடிட்டு "ரத்து" என்று எழுதி, எண்களைக் குறித்துக்கொண்டு, காசோலைப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். "கணக்கை ஒப்படைக்கப் போகிறேன், எல்லாத் தாள்களும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்" என்று சொல்லிக் கேட்டால் யாருக்கும் மனம் நோகாது, அது உண்மையும்கூட.

அமைதிப்புறா:
ஒரு வரிக் கடிதத்தை ஒரு மாத வேலையாக்கிவிட்டார் செயலாளர். இவர் 6 ஆண்டுகள் அந்த நாற்காலியை விடாததன் ரகசியம் புரிகிறது. சொந்தக் காரணங்களுக்காக என்று எழுதினால் இதெல்லாம் எதற்கு?

நேர்வழி:
புத்தகப் பை எடையைப் பற்றிய விவாதத்திலும் இவர் இப்படித்தான், எதைக் கேட்டாலும் "சமாளித்துப் போங்கள்" என்பார்.

அமைதிப்புறா:
அந்த விவாதத்தில் நீங்கள் தராசுக்கு நிறுத்தல் அளவை முத்திரை இருக்கிறதா என்று கேட்டு ஒரு வாரம் எல்லாரையும் வதைத்தீர்கள். நான் மறக்கவில்லை.

நேர்வழி:
முத்திரை இல்லாத தராசு காட்டுவது எடையே இல்லை. இன்றும் சொல்வேன்.

பழைய செயலாளர்:
தராசை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். அமைதிப்புறா, "இதெல்லாம் எதற்கு" என்று கேட்டீர்கள். நான் செயலாளராக இருந்தபோது எங்கள் பொருளாளர் உங்கள் மந்திரத்தைத்தான் எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர். கட்டட நிதி விஷயத்தில் தலைவரோடு ஒத்துப்போகவில்லை, யாரையும் காயப்படுத்தாமல் போக நினைத்தார். கல்வியாண்டின் நடுவில், கணக்கு முடிக்காமல், "சொந்தக் காரணங்களுக்காக" என்று ஒரு வரி. பத்தே நாளில் இரண்டு கதைகள் கிளம்பின. ஒன்று, வீட்டில் ஏதோ பிரச்சினை. உடல்நலம் விசாரிக்க ஆட்கள் போனார்கள். அவர் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. மற்றது, கணக்கில் ஏதோ குறைகிறது. நின்றது இரண்டாவது கதைதான். கடைசியில் ரசீதுக் கட்டுகளை மேசையில் அடுக்கி, பொதுக்குழுவில் நானே வரி வரியாக வாசித்தேன். ஒரு காசு குறையவில்லை. இருந்தும், "அப்படியானால் ஏன் போனார்?" என்று ஒருவர் எழுந்து கேட்டார். வேறு உறுப்பினர் விலகினால் யாரும் கவனிப்பதில்லை. பணப்பெட்டிச் சாவி வைத்திருந்தவர் காரணம் சொல்லாமல் போனால் ஊர் தானே ஒரு காரணத்தை எழுதிக்கொள்ளும்.

நேர்வழி:
பாருங்கள், காரணம் சொல்ல வேண்டும் என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்!

பழைய செயலாளர்:
இல்லை. அந்த இடத்தை வேறொன்றால் நிரப்ப வேண்டும் என்கிறேன். ஏன் போகிறேன் என்பதற்குப் பதிலாக, எந்த நிலையில் விட்டுப் போகிறேன் என்று எழுதினால் போதும். கேட்டவருக்காக எழுதிப் பார்க்கிறேன்:

"தலைவர் அவர்களுக்கு, வணக்கம். பொருளாளர் பொறுப்பிலிருந்தும் குழு உறுப்பினர் பொறுப்பிலிருந்தும் இம்மாதம் 30ஆம் தேதியுடன் விலகிக்கொள்கிறேன். அன்றுவரையிலான கணக்கை முடித்து, வங்கி இருப்புடன் ஒத்துப்பார்த்து, ரொக்கப் பதிவேடு, ரசீதுகள், காசோலைப் புத்தகம் ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் குழு சொல்பவரிடம் ஒப்படைக்கிறேன். வங்கியில் கையொப்பம் மாற்றுவதற்கான தீர்மானத்தை அதற்குள் நிறைவேற்ற வேண்டுகிறேன். 2 ஆண்டுகள் உடன் பணியாற்றியதற்கு நன்றி."

இரண்டு பொறுப்புகளையும் தனித்தனியே சொன்னதைக் கவனியுங்கள். பொருளாளரை மட்டும் எழுதினால் உறுப்பினராகத் தொடர்கிறீர்கள் என்று அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வரும். ஒப்படைக்கும் பட்டியல் இரண்டு பிரதி, இரண்டிலும் இருவர் கையெழுத்து, ஒன்று உங்கள் வீட்டில். கடிதத்தை முதலில் தலைவரிடம் நேரில் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டு அவர் அதை மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும்படி வைக்காதீர்கள்.

விதிப்புத்தகம்:
30ஆம் தேதிக்குள் ஒலிபெருக்கிக் காசோலை கையெழுத்துக்கு வந்தால் என்ன செய்வார்? தீர்மானம் நிறைவேறிய பின் பொருளாளர் மறுக்க முடியாதே.

பழைய செயலாளர்:
நல்ல கேள்வி. இதில் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். பெற்றோரிடம் நூலகத்துக்கென்றே எழுதி வாங்கிய பணமா, பொது நிதியா என்பதைப் பொறுத்தது. நூலகத்துக்கென்று ரசீதில் அச்சிட்டிருந்தால், பெற்றோர் ஒப்புதலைக் கேட்ட பிறகு கையெழுத்திடுகிறேன் என்று சொல்ல அவருக்கு இடம் உண்டு. பொது நிதி என்றால் கடினம்.

நூலக அலமாரி:
ரசீதில் "நூலக வளர்ச்சி மற்றும் இதர செலவுகள்" என்று இருக்கிறது.

நேர்வழி:
அந்த "இதர" என்பவர்தான் எல்லாக் குழுக்களையும் ஆள்கிறார்.

அமைதிப்புறா:
செயலாளரின் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நன்றி சொல்கிறார், குறை சொல்லவில்லை, எல்லாம் சரி. ஆனால் படிக்கிறவர் "ஏன்?" என்று கேட்பாரா மாட்டாரா? பள்ளி வாசலில் ஒரு தாய் கேட்டால் இவர் என்ன சொல்வார்? சொந்தக் காரணம் என்றுதான் சொல்வார்!

நேர்வழி:
வாசலில் சொன்னாலும் பொய் பொய்தான்.

பழைய செயலாளர்:
வாசலில் "2 ஆண்டுகள் பார்த்தேன், இனி வேறொருவர் பார்க்கட்டும்" என்று சொல்லலாம். அதில் பொய் எங்கே?

நேர்வழி:
ஒலிபெருக்கி வாங்காமல் இருந்திருந்தால் மூன்றாம் ஆண்டும் பார்த்திருப்பார் அல்லவா? அப்படியானால் அதுவும் பொய்.

நூலக அலமாரி:
3 தாள்களில் 2 திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதை எங்கள் செயலாளர் தேடுகிறார். தீர்மானக் குறிப்பில் பழைய செயலாளர் ஐயா சொன்னபடியே "ஒருமனதாக" என்றுதான் இருக்கிறது. அடுத்த கூட்டம் 18ஆம் தேதி. அதுவரை கடிதம் பையில் இருக்கட்டும்.

பழைய செயலாளர்:
மூன்றாவது தாள் நாளைக்குள் வராவிட்டால் அந்த எண்ணுக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்றாம் பெஞ்சு:
காசோலையே தொலைகிற பள்ளியில் அனுபவச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்?

அமைதிப்புறா:
18ஆம் தேதி கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று இன்னொரு உறுப்பினரைக் கேட்டுப் பாருங்கள். என்ன சொல்வார் தெரியுமா? சொந்தக் காரணம்.

நேர்வழி:
முத்திரை இல்லாத தராசு.