செப்டேட், பைகார்னுவேட் கருப்பைகளுக்குத் தமிழ்ச்சொல்

செந்தில்:
நம் கலைச்சொல் பட்டியலில் செப்டேட், பைகார்னுவேட் இரண்டுக்கும் 'பிளவுக் கருப்பை' என்றே இருக்கிறது. இரண்டிலும் உள்ளறை இரண்டாகத்தானே பிரிந்திருக்கிறது? ஒரே சொல் போதும் என்று நினைக்கிறேன்.

கௌரி (கதிரியக்க மருத்துவர்):
உள்ளறை பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் வெளிப்புறத்தை விட்டுவிட்டீர்கள். கருவில் இரண்டு குழாய்கள் ஒட்டி, பிறகு நடுச்சுவர் கரைந்தால்தான் ஒற்றை அறை உருவாகும். மேற்பகுதி ஒட்டாமல் நின்றுவிட்டால் பைகார்னுவேட். அதன் மேல்விளிம்பே வெளியிலிருந்து உள்வாங்கியிருக்கும். ஒட்டியபின் சுவர் மட்டும் கரையாவிட்டால் செப்டேட். வெளியே எந்தப் பிளவும் இருக்காது.

சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில் அறை மட்டுமே தெரிவதால் இரண்டும் ஒன்றுபோல விழும். வெளிக்கோட்டைப் பார்க்க முப்பரிமாண ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும். சுவர் என்று நம்பி பைகார்னுவேட்டை உள்ளிருந்து வெட்டினால் கருப்பையே துளைபட்டுவிடலாம். அதனால் எனக்கு ஒரே சொல் ஆகாது.

ஃபாத்திமா:
எனக்கு எக்ஸ்ரேயில் பைகார்னுவேட் என்றே எழுதினார்கள். இரண்டு கரு கலைந்த பிறகு முப்பரிமாண ஸ்கேனில் மேல்விளிம்பு சீராக இருக்கிறது, உள்ளே 1.8 செ.மீ. சுவர், முனைக்கோணம் 70 பாகை என்கிறார்கள். வெட்டிவிட்டால் குழந்தை தங்குமா மேடம்?

கௌரி:
சொல்லைப் பேச வந்த இடம்தான், பரவாயில்லை. வெளிப்பள்ளம் 1 செ.மீ.க்கு மேல் போனால் பைகார்னுவேட் பக்கம். உங்களுக்குப் பள்ளமே இல்லை. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2021 வரையறைப்படி உட்சுவர் 1 செ.மீ.க்கு மேல், கோணம் 90 பாகைக்குக் கீழ் என்றால் செப்டேட். 2016இல் 1.5 செ.மீ. என்றிருந்தது, அதையும் தாண்டுகிறீர்கள். ஐரோப்பியர் கருப்பைச் சுவரின் தடிமனை வைத்து அளப்பதால் அவர்கள் கணக்கு வேறு.

வெட்டுவது பற்றி உறுதி சொல்ல முடியாது. செப்டேட்டில் கருச்சிதைவு கூடுதல் என்பது உண்மை. ஆனால் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டு 2021இல் வந்த ஓர் ஆய்வில், வெட்டியவர்களுக்குக் குழந்தைப்பேறு கூடவில்லை. ஆய்வு சிறியது, அதனால் வாதம் ஓயவில்லை. பைகார்னுவேட்டில் பெரும்பாலும் அறுவை செய்வதில்லை; குறைப்பிரசவத்தையும், குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பதையும் கவனிப்போம்.

ஆறுமுகம் ஐயா:
அப்படியானால் செப்டேட்டுக்கு 'இடைச்சுவர்க் கருப்பை' என்று வைத்துவிடலாம். மற்றதை 'இருகொம்பு' என்றால் நோயாளி முகம் சுளிப்பார். கிளை பிரியும் இடத்தைக் கவை என்கிறோமே, 'கவைக் கருப்பை' எப்படி?

கௌரி:
வெளியிலிருந்தே பிரிவது தெரிகிற சொல், எனக்குப் பிடித்திருக்கிறது. 'இரட்டை' மட்டும் வேண்டாம் ஐயா. முழுக்க ஒட்டாமல் கழுத்தும் இரண்டாக இருப்பதற்கு அது வேண்டும்.

செந்தில்:
இடைச்சுவர் சரி, மாற்றிவிடுகிறேன். 'கவை' இன்று எத்தனை பேருக்குப் புரியும்? எனக்கு இன்னும் இருகொம்புதான். அப்புறம், லேசாக மட்டும் உள்வளைந்திருக்கும் ஆர்க்குவேட்டை எந்தப் பக்கம் சேர்ப்பது?