வாரம் 45 கால், 9 மீட்டிங்னு கணக்கு சரியாதான் போட்டேன், ஆனா ஆர்டர் 2 தான் வந்துச்சு, எங்க தப்பு?

புதுசேல்ஸ்: எல்லாருக்கும் வணக்கம், சேல்ஸ்ல சேர்ந்து இதான் முதல் முழு மாசம். டார்கெட் 6 ஆர்டர். மேனேஜர் சொன்ன ரேஷியோ என்னன்னா 3 ப்ரபோசலுக்கு 1 ஆர்டர், 2 மீட்டிங்குக்கு 1 ப்ரபோசல், 5 பேர்கிட்ட பேசினா 1 மீட்டிங். அப்படியே பின்னாடி போனா 18 ப்ரபோசல், 36 மீட்டிங், 180 கால் வருது, நாலு வாரத்துக்கு பிரிச்சா வாரம் 45 கால், 9 மீட்டிங், நாலஞ்சு ப்ரபோசல். மாசக் கடைசியில 178 கால், 35 மீட்டிங், 17 ப்ரபோசல் முடிச்சிருந்தேன், ஆர்டர் மட்டும் 2. ராத்திரி உக்காந்து திருப்பித் திருப்பி கூட்டிப் பாத்துட்டேன், புரியல.

நிலவன்77: கால் பத்தல ப்ரோ. டபுள் பண்ணுங்க, வாரம் 90. உங்க ரேஷியோ 3க்கு 1 இல்ல, 17க்கு 2, அதை வெச்சு மறுபடி போடுங்க.

தாமரைஇலை: அவசரப்படாதீங்க தம்பி. 17க்கு 2ன்னு சொல்லவே முடியாது, அதுல எத்தனை பேர் முடிவு சொல்லிட்டாங்க? ஒவ்வொரு ப்ரபோசலும் எந்த வாரம் போச்சுன்னு எழுதுங்க. அப்புறம் அந்த 178 நீங்க டயல் பண்ணதா, இல்ல ஆள் எடுத்து பேசினதா?

புதுசேல்ஸ்: பேசினது மட்டும் அக்கா, டயல் பண்ணது 700 கிட்ட இருக்கும். ப்ரபோசல் முதல் வாரம் 2, அப்புறம் 4, 5, 6. முடிவு சொன்னது 5 பேர், அதுல 2 ஆர்டர், 3 வேண்டாம்னுட்டாங்க, அஞ்சுமே முதல் ரெண்டு வாரத்துல அனுப்புனது. ஆர்டர் ஆன ரெண்டும் 16 நாள், 19 நாள் ஆச்சு. எங்க டீம்ல பொதுவா மூணு வாரம் ஆகும்னு சொல்றாங்க.

தாமரைஇலை: அப்போ ரேஷியோல பிரச்சினை இல்ல, நாள் கணக்குலதான். நீங்க போட்டது எத்தனைன்னு மட்டும் சொல்லுது, எப்போன்னு சொல்லல. மூணாவது நாலாவது வாரம் போன 11 ப்ரபோசலுக்கு இந்த மாசமே பதில் வர வாய்ப்பே இல்ல. கால் பண்ணி மீட்டிங் கிடைக்க ஒரு வாரம், அதுலேர்ந்து ப்ரபோசல் போக நாலு நாள், முடிவுக்கு மூணு வாரம்னு வெச்சா இன்னைக்கு பேசுற கால் ஆர்டராக ஒரு மாசத்துக்கு மேல ஆகும். நீங்க இந்த மாசம் பேசினது பெரும்பாலும் அடுத்த மாச டார்கெட்டுக்கு.

அதனால அடுத்த மாசத்தை கையில இருக்கறதுலேர்ந்து ஆரம்பிங்க. 17ல 5 போக 12 பாக்கி, அதுல முதல் ரெண்டு வாரத்து ஒண்ணு நாள் தாண்டிடுச்சு, அதை எண்ணாதீங்க. மீதி 11. முதல் வாரத்துக்கு எத்தனை மீட்டிங் ஃபிக்ஸ் ஆயிருக்கு?

புதுசேல்ஸ்: 8.

தாமரைஇலை: 8 மீட்டிங்னா 4 ப்ரபோசல். 11ம் 4ம் 15, மூணுல ஒண்ணுன்னா 5 ஆர்டர். ரெண்டாவது வாரத்துலேர்ந்து நடக்கற மீட்டிங்கோட ப்ரபோசல் மாசத்துக்குள்ள முடியாது. 6 வேணும்னா முதல் வாரத்து மீட்டிங்லேர்ந்தே இன்னும் 3 ப்ரபோசல் போகணும், அதாவது இன்னும் 6 மீட்டிங், அதுக்கான கால் எல்லாம் போன வாரமே பேசியிருக்கணும். மேனேஜர்கிட்ட இப்பவே 5ன்னு சொல்லிடுங்க, கடைசி நாள் சொல்றத விட அது மேல்.

நிலவன்77: சரிதான், நான் நாளைப் பாக்கல. ஆனா முடிவு சொன்ன 5ல 2ன்னா 40 சதவீதம், ஏன் மூணுல ஒண்ணு போடணும்? 15க்கு 6 வந்துடுதே.

தாமரைஇலை: 5 ரொம்ப கம்மி. அதுல ஒருத்தர் மனசு மாறியிருந்தா 20 ஆகியிருக்கும், இல்ல 60. இருபது முப்பது முடிவு சேர்ற வரைக்கும் டீம் ரேஷியோவையே வெச்சுக்கட்டும். ஷீட்ல ஒரு ப்ரபோசலுக்கு ஒரு வரி, அனுப்புன தேதி, முடிவு வந்த தேதி, அவ்ளோதான்.

வெயில்காலம்: எனக்கு பழைய கஸ்டமர்கிட்டயிருந்தே மாசம் 4 ஆர்டர் வந்துடும், டார்கெட் 10. நானும் 10க்கு 300 கால் பேசணுமா?

தாமரைஇலை: இல்லங்க, அந்த 4ஐ முதல்ல கழிங்க, 6க்கு மட்டும் பின்னாடி போங்க. ரேஷியோவுலயும் பழைய கஸ்டமரைக் கலக்காதீங்க, அவங்க ஈஸியா ஓகே சொல்றதால புதுசுக்கு தேவையான கால் கம்மியா தெரியும்.

புதுசேல்ஸ்: அக்கா, 5ன்னு சொல்லிட்டேன், மேனேஜர் முகம் மாறுச்சு ஆனா ஷீட்டைக் காட்டினதும் கேட்டுக்கிட்டார். இன்னொரு சந்தேகம், இப்போ 11 ஃபாலோ-அப் சேர்ந்து நேத்து மதியம் முழுக்க அதுலயே போயிடுச்சு, பேசினது 4 பேர்தான். இந்த வாரம் 45 வராது போல. எதைக் குறைக்கறது?

நிலவன்77: ஃபாலோ-அப்பைக் குறைங்க, கால் பேசறதை விட்டா அடுத்தடுத்த மாசம் அடி வாங்கும்.

தாமரைஇலை: அதை நான் ஒத்துக்கல, அந்த 11ல தான் இந்த மாசமே இருக்கு. காலைல முதல் ரெண்டு மணி நேரம் கால் மட்டும் பேசிப் பாருங்க, வெள்ளிக்கிழமை எத்தனை வந்துச்சுன்னு இங்கயே எழுதுங்க, 30க்கு கீழ போனா மறுபடி பாப்போம்.